மணமுறிவும் ஓய்வூதியமும்: கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றியுள்ள மானாவாரிப் பூமியில் ஒரு குடும்பத்தின் சொத்தைக் கணக்கிடுவது எளிதல்ல. பத்திரத்தில் நான்கு ஏக்கர் இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அது விதைச் செலவைக்கூடத் திருப்பித் தராது. கண்மாய் நிரம்பிய ஆண்டில் பருத்தியோ மிளகாயோ ஏதோ கொஞ்சம் கொடுக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், மின்வாரிய ஊழியர், பேருந்து நடத்துநர் ஆகியோரின் வீடுகளில் தவறாமல் விளையும் ஒரே வெள்ளாமை மாதந்தோறும் வரும் ஓய்வூதியம்தான். கணவனும் மனைவியும் பிரியும்போது நிலத்துக்கும் நகைக்கும் நடக்கிற பேச்சில் நூறில் ஒரு பங்குகூட இந்த ஓய்வூதியத்துக்கு நடப்பதில்லை என்பதைக் கருவூலப் பணியில் இருந்த காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேச்சு நடக்காததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் பொதுவாக, மணமுறிவின்போது ஓய்வூதிய உரிமையைக் கணவன் மனைவிக்கு இடையே பிரித்துக் கொடுக்கும் சட்டம் இல்லை. திருமண வாழ்வில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற கொள்கையே நம் இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற குடிமைச் சட்டம் நீடிக்கும் கோவா மட்டும் விதிவிலக்கு. மற்ற இடங்களில் மனைவிக்குக் கிடைப்பது பங்கு அல்ல, பராமரிப்பு. ஆனால் ஓய்வூதியம் என்பது ஒன்றல்ல, இரண்டு. பணியாற்றியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் பெறுவது ஒன்று. அவர் மறைந்தபின் குடும்பத்துக்கு வருவது மற்றொன்று. மணமுறிவு இவ்விரண்டையும் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது. முதலாவதிலிருந்து மனைவி ஏதாவது பெற வழி இருக்கிறது. இரண்டாவது தீர்ப்பாணை கையெழுத்தாகும் நாளிலேயே முற்றாகப் போய்விடுகிறது.

கணக்குக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். திருச்சுழி வட்டத்தில் ஓர் ஆசிரியர் 1990-ல் பணியில் சேர்கிறார், 1992-ல் திருமணம். 2014-ல் இருவரும் பிரிந்து வாழத் தொடங்குகிறார்கள். 2018-ல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் நீதிமன்றம் மணமுறிவு வழங்குகிறது. ஆசிரியர் 2020-ல் மறுமணம் செய்துகொள்கிறார், 2024-ல் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார். அவர் 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டம் அவருக்குப் பொருந்தும். கடைசி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்றால், ஓய்வூதியம் அதில் பாதி, 40,000. அகவிலைப்படி 55 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் இன்னும் 22,000. ஆக மாதம் 62,000 ரூபாய்.

அவர் 71 வயதில் காலமாகிறார் என்று கொள்வோம். குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 24,000. அதே விகிதத்தில் அகவிலைப்படி 13,200. மொத்தம் 37,200 ரூபாய். ஓய்வு பெற்ற ஏழு ஆண்டுகளுக்குள்ளேயே அவர் இறந்திருந்தால், அந்தக் காலம் முடியும்வரை உயர்த்தப்பட்ட விகிதத்தில் 62,000 வந்திருக்கும். இந்தத் தொகை முழுவதும் 2020-ல் அவரை மணந்த மனைவிக்குச் செல்லும். 22 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, அவர் பள்ளிக்குச் சென்ற நேரமெல்லாம் வீட்டையும் வயதான மாமியாரையும் பார்த்துக்கொண்ட முதல் மனைவிக்கு இதில் ஒரு ரூபாயும் வராது. கருவூலத்தில் அவர் மனுக் கொடுத்தாலும் விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவதைத் தவிர அலுவலருக்கு வேறு வழியில்லை. 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் குடும்ப ஓய்வூதியம் பற்றிச் சொல்லும் 49-ஆவது விதியில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் மனைவி உண்டு, முன்னாள் மனைவி இல்லை. மனைவி அரசு ஊழியராக இருந்து கணவர் முன்னாள் கணவராகிவிட்டாலும் இதே நிலைதான்.

உயில் எழுதி இதை மாற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அல்ல, விதி யாருக்குக் கொடுக்கச் சொல்கிறதோ அவருக்கு அரசு நேரடியாகக் கொடுப்பது, ஆகவே அதை உயிலால் யாருக்கும் எழுதிவைக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் வயலட் ஐசக் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனசாட்சி உறுத்தி முன்னாள் மனைவிக்குப் பாதியைக் கொடுக்க ஆசிரியர் விரும்பினாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இந்த விதி நம் பகுதியில் உண்டாக்கும் ஒரு வினோதத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 'அத்து விடுவது' பழைய வழக்கம். முத்திரைத்தாளில் எழுதிக் கைரேகை வைத்து, கொடுத்த சீரைத் திருப்பிக் கொடுத்தால் விவகாரம் முடிந்ததாகக் கொள்வார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அத்தகைய வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்று அதைச் சொல்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2002-ல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மெய்ப்பிக்க முடியாதபோது அந்த முத்திரைத்தாள் வெறும் தாள்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் அத்து விடப்பட்டு, தாய்வீட்டில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த பெண், கணவன் இறந்த செய்தி கேட்டு மனுவோடு வந்தால் சட்டத்தின் கண்ணில் அவரே மனைவி. இடையில் அவன் கட்டிக்கொண்ட பெண்ணின் திருமணம் செல்லாது. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, அவளுக்கு இல்லை என்பதே 2000-ல் ரமேஸ்வரி தேவி வழக்கின் தீர்ப்பு. ஆக, முறையாக நீதிமன்றம் சென்று மணமுறிவு பெற்ற பெண் அனைத்தையும் இழக்கிறார், முறையற்ற தாளில் கைரேகை வைத்தவருக்கு உரிமை மிஞ்சுகிறது. யாரையும் அத்து வழிக்கு அனுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் கணவனிடம் பராமரிப்புப் பெற அந்தத் தாள் உதவாது, மறுமணத்துக்கும் தடையாக நிற்கும். சட்டத்தின் கோணல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

மணமுறிவுக்கு முந்தைய ஒரு படியும் சட்டத்தில் உண்டு. திருமணத்தைக் கலைக்காமல், சேர்ந்து வாழும் கடமையிலிருந்து மட்டும் விடுவிக்கும் நீதிமன்றப் பிரிவு அது. இந்து திருமணச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அதற்கு வழிசெய்கிறது. அப்படிப் பிரிந்து வாழ்பவர் மனைவி என்ற நிலையை இழப்பதில்லை. தகாத உறவின் காரணமாகப் பிரிவு வழங்கப்பட்டு, அந்தக் குற்றம் அவர்மீது மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் தவிர, அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. ஐம்பது வயதைக் கடந்து, மறுமண எண்ணம் இல்லாத பெண்கள் இந்த வழியை வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மணமுறிவுக்கான மனுவையே வழக்கமாக அச்சடித்துக் கொடுக்கும் அலுவலகங்களில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இனி உயிரோடு இருப்பவரின் ஓய்வூதியத்துக்கு வருவோம். இதில் பங்கு கேட்க முடியாது, ஆனால் பராமரிப்புக் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம், அல்லது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவின்படி மாதப் பராமரிப்பு. மறுமணம் செய்யாத முன்னாள் மனைவியும் பிந்தைய பிரிவில் 'மனைவி'தான். தொகைக்கு வாய்ப்பாடு கிடையாது. கணவரின் நிகர ஊதியத்தில் 25 விழுக்காடு நியாயமாக இருக்கும் என்று 2017-ல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. நம் ஆசிரியரின் 62,000-க்கு அதைப் பொருத்தினால் 15,500 ரூபாய் வரும்.

இங்கேதான் ஓர் எதிர்வாதம் எழும். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, கடன்காரர் கோரிக்கைக்காக அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவும் அதற்குத் துணைநிற்கிறது. ஓய்வு பெற்ற கணவர்கள் பலர் இதைக் கவசமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு நர்னவாரே வழக்கில் அந்தக் கவசத்தை விலக்கியது. மனைவி கடன்காரர் அல்லர், பராமரிப்பு கடன் அல்ல, ஆகவே அதற்காக ஓய்வூதியத்தை ஜப்தி செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். வேறொரு மாநிலத்தின் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மதுரை அமர்விலோ வாதிடும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

நடைமுறையில் தவறுகள் நேர்வது இரண்டு இடங்களில். முதலாவது, நிலுவை. 144-ஆவது பிரிவின்படி பெற்ற உத்தரவில் பணம் வரவில்லையென்றால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். 'இந்த மாதம் தருகிறேன், அடுத்த மாதம் தருகிறேன்' என்ற வார்த்தையை நம்பி மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தவர், கடைசி ஓராண்டு நிலுவைக்கு மட்டுமே அந்தப் பிரிவின் வாரண்டைப் பெற முடியும். இரண்டாவது, ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல். தமிழ்நாட்டில் ஓய்வு பெறுபவர் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் பெறலாம். நம் ஆசிரியர் 13,333 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கையில் பத்து லட்சத்துக்கும் மேல் வரும், மாத வருவாய் 48,667 ஆகக் குறையும். பின்பு நீதிமன்றத்தில் 48,667-க்கான சான்றைக் காட்டி, 'என் வருமானம் இவ்வளவுதான்' என்பார். அது குறைந்த வருமானம் அல்ல, முன்கூட்டியே வாங்கிய வருமானம். ஆகவே ஓய்வூதிய ஆணையின் நகலையும், தொகுத்துப் பெற்ற தொகை, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றின் விவரத்தையும் கேட்டுப் பெற வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் வருவாய், சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. அதில் காட்டாததைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இந்த 15,500 ரூபாய் அவர் மூச்சு நிற்கும் நாள்வரைதான். ஓய்வூதியம் நின்றால் அதிலிருந்து பிடிப்பதும் நிற்கும். அப்போது முன்னாள் மனைவிக்கு வயது அறுபத்தைந்தோ எழுபதோ இருக்கும். பரஸ்பர சம்மத மனுவில் கையெழுத்திடும் முன் கணக்கிட வேண்டியது இந்தக் கடைசிக் காலத்தைத்தான். மாதம் 37,200 ரூபாய் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை உணர்ந்தவர், ஐந்து லட்சத்தை 'முழுமையும் இறுதியுமான தீர்வு' என்று எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஈடாக என்ன கேட்கலாம்? 25-ஆவது பிரிவே ஒரு வழி தருகிறது. ஜீவனாம்சத்தைக் கணவரின் அசையாச் சொத்தின்மீது பொறுப்பாக ஏற்றிவைக்க நீதிமன்றத்தால் முடியும், அதுவும் பெறுபவரின் ஆயுள்காலம் வரைக்கும். மானாவாரி நிலத்தின்மீது ஏற்றினால் பயன் குறைவு. அருப்புக்கோட்டை நகருக்குள் ஒரு வீடோ மனையோ இருந்தால் அதன்மீது ஏற்றச் சொல்ல வேண்டும். இன்னொரு வழி, கணவர் பெயரில் ஏற்கெனவே உள்ள ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை மனைவிக்கு உரிமை மாற்றம் செய்து வாங்குவது. இதை நியமனத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நியமனதாரர் என்று எழுதியதைக் கணவர் மறுநாளே மாற்றலாம். உரிமை மாற்றம் பதிவானபின் அவர் தன்னிச்சையாக மாற்ற முடியாது. பிரீமியத்தை யார் கட்டுவது என்பதையும் உடன்பாட்டிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையேல் பத்திரம் காலாவதியாகும்.

நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அருப்புக்கோட்டையில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் வருவது பெரும்பாலும் சில ஆயிரங்கள். குறைந்தபட்சத் தொகையே 1,000 ரூபாய்தான். அதில் பாதி விதவைக்கு. அங்கே பேசவேண்டியது ஓய்வூதியத்தை அல்ல, ஒட்டுமொத்தமாகக் கைக்கு வரும் வருங்கால வைப்பு நிதியை.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? ஜெர்மனி 1977 முதல், திருமண காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளை மணமுறிவின்போது சமமாகப் பிரிக்கிறது. நம் உறவினர் பலர் வாழும் கனடாவில், அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளின் பங்களிப்பைப் பிரித்து இருவர் கணக்கிலும் வரவு வைக்கும் முறை 1978-லிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் 2000 டிசம்பர் முதல் நீதிமன்றமே ஓய்வூதியத்தைப் பகிர்ந்து ஆணையிடலாம். இவற்றில் பொதுவான கருத்து ஒன்றுதான். ஊதியம் ஈட்டியவர் ஒருவர் என்றாலும், அதை ஈட்டமுடிந்தது வீட்டில் இன்னொருவர் உழைத்ததால். இது அயல்நாட்டுக் கருத்து என்று தள்ளிவிட இயலாது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து வாங்குவதற்கான பங்களிப்பே என்று கூறி, 2023 ஜூனில் கண்ணையன் நாயுடு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கணவர் பெயரில் வாங்கிய சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கு வழங்கியது.

நம் ஓய்வூதிய விதிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது புதிதல்ல. மத்திய அரசின் விதியில், இறந்தவருக்கு மனைவியும் மணமுறிவு பெற்ற முன்னாள் மனைவியின் தகுதியுள்ள குழந்தையும் இருந்தால், அந்தத் தாய் மணமுறிவு பெறாதிருந்தால் என்ன பங்கு கிடைத்திருக்குமோ அது குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது. குழந்தைக்கு 25 வயதாகும்வரை, அல்லது திருமணமோ வருவாயோ வரும்வரை அது நீடிக்கும். தாயின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் அலுவலகம், அதைத் தாய்க்குக் கொடுக்க மட்டும் மறுக்கிறது. இன்னொரு முரணும் உண்டு. மணமுறிவு பெற்ற பெண், அரசு ஊழியரின் மகளாக இருந்தால் தந்தையின் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறலாம். அவருடைய வழக்கு பெற்றோர் உயிருடன் இருந்தபோதே தொடங்கப்பட்டிருந்தால் போதும் என்று 2017-ல் மத்திய அரசு தளர்த்தியது. மகளுக்கு இரங்கும் விதி மனைவிக்கு இரங்கவில்லை. 2024 ஜனவரியில், மணமுறிவு வழக்கு நிலுவையிலுள்ள பெண் ஊழியர், கணவருக்கு முன்னதாகப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் செல்லுமாறு கேட்கலாம் என்றும் மத்திய அரசு அனுமதித்தது. நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை, விதித் திருத்தமே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாடு அரசும் 49-ஆவது விதியில் ஒரு வரி சேர்க்கலாம். மறுமணம் செய்யாத, வேறு ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வாழ்க்கைத்துணைக்கு, பணிக்காலத்தில் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளின் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம். நம் ஆசிரியரின் 34 ஆண்டுப் பணிக்காலத்தில் 22 ஆண்டுகள் முதல் மனைவியுடன். 37,200-ல் அவருக்கு ஏறத்தாழ 24,070 ரூபாய், மீதி 13,130 இரண்டாம் மனைவிக்கு. இருவரில் ஒருவர் காலமானால் அவர் பங்கு மற்றவருக்குச் சேரும் என்றும் எழுதலாம். அரசுக்குக் கூடும் செலவு பெரிதல்ல. வழங்கும் மாதத் தொகை அதேதான், பெறுபவர்களே இருவராகிறார்கள். ஆனால் இளையவர் மறுமணம் செய்துகொண்ட பின்பும் மூத்தவருக்குத் தொடர வேண்டியிருக்கும் என்பதால், சில குடும்பங்களில் கருவூலம் சில ஆண்டுகள் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். அதை நிதித் துறை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். பிரிந்த தேதியை எதைக் கொண்டு உறுதிசெய்வது என்பதே உண்மையான சிக்கல். மணமுறிவுத் தீர்ப்பாணையிலேயே சேர்ந்து வாழ்ந்த காலத்தை நீதிமன்றம் குறிப்பிட்டுவிட்டால், கருவூல அலுவலர் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.